5000 போதுமா, 7000 வேண்டுமா? உங்கள் போனை ஏழு நாள் அளந்து பேட்டரியை முடிவு செய்வது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போன் பழுது பார்க்கும் மேசைக்கு எதிரே நின்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

"புது போன் எடுக்கணும். 5000 எம்ஏஎச் எடுக்கலாமா, 7000 எடுக்கலாமா? நேரா ஒரு பதில் சொல்லுங்க."

காலையில் வீட்டிலும் இரவில் வீட்டிலும் சார்ஜ் போட முடிகிற, பகலில் ஐந்தாறு மணி நேரம் போன் பார்க்கிற பெரும்பாலானவர்களுக்கு 5000 போதும். நாள் முழுக்க பைக்கில் மேப்பைத் திறந்து வைத்து டெலிவரி கொடுக்கிறவருக்குப் போதாது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிய ஒரே ஒரு எண் வேண்டும்: உங்களுடைய கனமான ஒரு நாளில் போன் எத்தனை எம்ஏஎச் குடிக்கிறது? இது எந்த விளம்பரத்திலும் இருக்காது. உங்கள் கையில் இருக்கும் பழைய போனே அதைச் சொல்லிவிடும்.

"Digital Wellbeing-ல எனக்கு ஸ்கிரீன் டைம் தினமும் ஆறு மணி நேரம்னு காட்டுது. அதை வச்சே முடிவு பண்ணிடலாமே?"

முடியாது. போன் சார்ஜரில் இருக்கும்போது பார்த்த நேரத்தையும் அது சேர்த்துத்தான் எண்ணுகிறது. இரவு கட்டிலில் சார்ஜர் செருகியபடி இரண்டு மணி நேரம் சீரியல் பார்த்திருந்தால், அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பேட்டரி எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் ஆறில் அதுவும் அடக்கம்.

இன்னொன்று, எல்லா ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. வீட்டு வைஃபையில் மங்கலான வெளிச்சத்தில் வாட்ஸ்அப் படிப்பதும், வெயிலில் சில்வர் பீச் மணலில் நின்று வீடியோ எடுப்பதும் கடிகாரத்தில் ஒரே அளவுதான். பேட்டரிக்கு ஒன்றை விட இன்னொன்று இரண்டு மூன்று மடங்கு செலவு. பாக்கெட்டில் சும்மா கிடக்கும்போது கரைவதோ அந்தக் கணக்கிலேயே வராது. காதில் வைத்துப் பேசும்போதும் திரை அணைந்துதான் இருக்கும், அதனால் நிறைய பேசுகிறவர்களுக்கு ஸ்கிரீன் டைம் குறைவாகவும் செலவு அதிகமாகவும் இருக்கும்.

"சரி, அப்ப தினமும் எதைக் குறிச்சு வைக்கணும்?"

ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி. காலையில் சார்ஜரிலிருந்து எடுத்த நேரம், அப்போதைய சதவீதம். இரவு மீண்டும் செருகிய நேரம், அப்போதைய சதவீதம். இடையில் பேட்டரியில் ஓடியபோது திரை எரிந்த நேரம். இவ்வளவுதான்.

மூன்றாவதை `Settings > Battery` உள்ளே பார்க்கலாம். அங்கே போனுக்குப் போன் ஒரு வித்தியாசம் உண்டு, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில போன்கள் கடைசியாக முழு சார்ஜ் ஆனதிலிருந்து கணக்கு காட்டும். சில போன்கள் கடந்த 24 மணி நேரத்தைக் காட்டும். இரண்டாவது வகை என்றால் நேற்று இரவு சார்ஜரில் பார்த்ததும் கலந்து வரும். அப்படிப்பட்ட போனில் வரைபடத்தில் காலையிலிருந்து வரும் பட்டைகளை மட்டும் தொட்டுப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் முடிந்தவரை பகலில் சார்ஜ் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் போடும்போது எத்தனை, எடுக்கும்போது எத்தனை என்று எழுதுங்கள். 100-இலிருந்து 9 வரை இறங்கி, அரை மணி நேரம் போட்டு 40 ஆக்கி, இரவு 19-இல் முடிந்தால், அன்றைய செலவு 91 கூட்டல் 21, அதாவது 112 சதவீதம். நூறைத் தாண்டினால் தப்பில்லை. அதுதான் நமக்குத் தேவையான தகவல்.

ஏழு நாளும் அளக்கச் சொல்வது ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். வேலை நாளும் லீவு நாளும் ஒன்று போல இருக்கவே இருக்காது.

"பாக்கெட்ல சும்மா இருக்கும்போது எவ்வளவு போகுதுன்னு தனியா தெரிஞ்சுக்க முடியுமா?"

இரண்டு தடவை அளக்க வேண்டும். ஒன்று இரவில்: படுக்கும்போது சார்ஜர் போடாமல் சதவீதத்தைக் குறித்துவிட்டு, எழுந்ததும் மறுபடி குறியுங்கள். வீட்டு வைஃபையில் ஏழு மணி நேரத்துக்கு ஐந்து சதவீதம் குறைந்தால் மணிக்கு சுமார் 0.7.

இன்னொன்று பகலில், மொபைல் டேட்டா ஓடும்போது, மூன்று மணி நேரம் தொடாமல் பையில் வைத்து. இது பெரும்பாலும் இரவை விட இரண்டு மடங்கு வரும். பகலில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் நகர நகர போன் டவர் மாற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் டவரை எட்டுவதற்காகத் தன் ரேடியோவின் சக்தியைக் கூட்டுகிறது. இரவுக் கணக்கை மட்டும் வைத்துப் பகலைக் கணக்கிட்டால் பேட்டரி தேவையைக் குறைவாகப் போட்டுவிடுவீர்கள்.

"ஸ்கிரீன் ஆன்ல இருக்கும்போது மணிக்கு எவ்வளவுன்னு அளக்க 100-ல இருந்து ஆரம்பிக்கலாமா?"

90-இலிருந்து ஆரம்பியுங்கள், 25, 30-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். சதவீதம் என்பது போன் போடும் மதிப்பீடு. பல போன்களில் முதல் 100 மட்டும் நெடுநேரம் நகராமல் நிற்கும். பழைய பேட்டரியில் கடைசிப் பதினைந்து சடசடவென்று இறங்கும். நடுப்பகுதிதான் ஓரளவு நேர்கோட்டில் ஓடுகிறது.

நீங்கள் அதிகம் செய்யும் இரண்டு காரியங்களை மட்டும் அளந்தால் போதும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர் என்றால் அந்த ஒரு மணி நேரப் பயணம் ஒன்று, வீட்டில் சாயங்காலம் ஒரு மணி நேரம் இன்னொன்று. பஸ்ஸில் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஆட்டோ பிரைட்னஸ் ஏறி நிற்கும், டேட்டாவும் மொபைல் டேட்டா. அதனால் பஸ்ஸில் 13, வீட்டில் 8 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

"சதவீதம் தெரிஞ்சிடுச்சு. அதை எம்ஏஎச் ஆக்க, பெட்டியில போட்டிருக்கிற 4500-ஆல பெருக்கிடலாமா?"

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பெட்டியில் இருப்பது புதுப் பேட்டரியின் அளவு. மூன்று வருடம் ஓடிய பேட்டரியில் இன்று 100 சதவீதம் என்பது அந்த 4500 இல்லை. பெட்டி எண்ணால் பெருக்கினால் உங்கள் செலவு உண்மையை விடப் பெரிதாகத் தெரியும், அதை நம்பித் தேவையில்லாத அளவு வாங்குவீர்கள்.

ஐபோனில் பேட்டரி ஹெல்த் பக்கத்தில் `Maximum Capacity` என்று சதவீதமே கொடுத்திருக்கும். பெட்டி அளவை அதால் பெருக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில், adb என்ற கருவியைப் போட்ட கணினி இருந்தால் போனிடமே நேரடியாகக் கேட்டுவிடலாம். Settings-இல் `Build number`-ஐத் தேடி ஏழு முறை தட்டி டெவலப்பர் பகுதியைத் திறந்து, `USB debugging` ஆன் செய்து, கேபிளில் இணைத்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
adb shell dumpsys battery
```

வரும் பட்டியலில் இரண்டு வரிகள் நமக்கு வேண்டும்:

```
Charge counter: 2664000
level: 72
```

முதல் எண் இப்போது பேட்டரிக்குள் மீதமிருக்கும் மின்னூட்டம், மைக்ரோ ஆம்பியர் மணியில். ஆயிரத்தால் வகுத்தால் 2664 எம்ஏஎச். அது 72 சதவீதம் என்றால் முழு அளவு 2664 ÷ 0.72, அதாவது 3700. பெட்டியில் 4500, கையில் 3700.

வேறொரு சதவீதத்தில், 45-இலோ 50-இலோ, இன்னொரு தடவை பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் நம்பலாம். எல்லா போனும் இந்த எண்ணைச் சரியாகத் தருவதில்லை. பத்து நிமிடம் ஆகியும் எண் அசையாமல் நின்றாலோ, கணக்கு பெட்டி அளவைத் தாண்டினாலோ அதை விட்டுவிடுங்கள். அப்போது AccuBattery போன்ற ஆப் ஒன்றைப் போட்டு, சில தடவை 20-இலிருந்து 90 வரை சார்ஜ் ஏற விட்டால், உள்ளே போகும் மின்சாரத்தை எண்ணி அது ஒரு மதிப்பீடு கொடுக்கும். ஒரே தடவை சார்ஜில் கிடைக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"ஒரு ஆளோட கணக்கை முழுசா போட்டுக் காட்டுங்களேன்."

மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் ஒரு தங்கச்சி, 7000 எம்ஏஎச் போன் வாங்கலாமா என்று கேட்டு வந்தார். கையில் 4500 எம்ஏஎச் போன், மூன்று வருடம் ஆனது. "ராத்திரி வீடு வந்து சேர்றதுக்குள்ள ஆஃப் ஆயிடுதுண்ணே, 15 பர்சன்ட் இருக்கும்போதே" என்பதுதான் புகார். மேலே சொன்ன 3700 அவருடைய போனின் எண்தான்.

ஏழு நாள் குறித்துக்கொண்டு வந்தார். ஒரு வியாழக்கிழமையை எடுத்துப் பார்த்தோம். காலை 6 மணிக்கு சார்ஜரிலிருந்து எடுத்தது, இரவு 10 மணிக்குச் செருகியது, மொத்தம் 16 மணி நேரம். பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம், மணிக்கு 13 வீதம் 26 சதவீதம். மற்ற நேரத்தில் திரை எரிந்தது மூன்றரை மணி, மணிக்கு 8 வீதம் 28. மீதி பத்தரை மணி நேரம் பையில், மணிக்கு 1.5 வீதம் சுமார் 16. கூட்டினால் 70. நோட்டில் அன்றைக்கு உண்மையில் இருந்தது 72. இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததால் அளந்த விதம் சரி என்று தெரிந்தது.

ஏழு நாளின் சதவீதங்கள்: 70, 66, 84, 72, 68, 112, 41. அந்த 112, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைப் புதுச்சேரி கடற்கரைக்கு அழைத்துப்போன சனிக்கிழமை. வெயிலில் கேமரா, எல்லோருக்கும் ஹாட்ஸ்பாட், நடுவில் ஒரு சார்ஜ். 41 ஞாயிறு.

நான் எடுத்துக்கொண்டது 84. 3700-இல் 84 சதவீதம் 3108 எம்ஏஎச். இரவில் 20 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்றால் 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 3885. இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி 80 சதவீதத்துக்குத் தேயும், அப்போதும் இது நடக்க வேண்டும் என்றால் இன்னொரு தடவை 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 4856. ஆக 5000 எம்ஏஎச் போன் அவருக்கு மூன்றாவது வருடத்திலும் தாங்கும். 7000-க்கான தேவை அந்த நோட்டில் எங்குமே இல்லை.

அதோடு நிற்கவில்லை. அவருடைய உண்மையான சிக்கல் அளவு இல்லை, தேய்மானம். 84 சதவீதம் செலவான நாளில் மிஞ்சுவது 16. தேய்ந்த பேட்டரியில் உள்தடை ஏறியிருக்கும். மீதம் குறைவாக இருக்கும்போது கேமராவோ டேட்டாவோ சட்டென்று மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். அதே போனில் புதுப் பேட்டரி போட்டால் 3108 என்பது 4500-இல் 69 சதவீதம்தான், இரவு பத்து மணிக்கு 31 மிஞ்சும். கணக்கை இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டினேன். பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு போனார்.

"112-தானே ரொம்ப மோசமான நாள். அதை விட்டுட்டு ஏன் ரெண்டாவதை எடுத்தீங்க?"

ஒரு வாரத்தில் ஒரே ஒரு நாள் துருத்திக்கொண்டு நின்றால், அந்த நாளுக்கென்று ஒரு காரணம் இருக்கும், அது அடுத்த வாரம் திரும்ப வராது. அதற்காக மற்ற ஆறு நாளும் கனமான போனைச் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த 112 சதவீதம்கூட 4144 எம்ஏஎச்தான், புது 5000 அதைத் தாங்கிவிடும். உங்கள் நோட்டில் இரண்டு மூன்று நாள் அப்படி இருந்தால் கதை வேறு. அப்போது அதுதான் உங்கள் வழக்கம், அதையே எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

"பழைய போன்ல அளந்தது புது போனுக்குப் பொருந்துமா?"

முழுக்கப் பொருந்தாது. பெரிய திரை, கூடுதல் பிரகாசம், 120 ஹெர்ட்ஸ், 4ஜியிலிருந்து 5ஜிக்கு மாறுவது எல்லாம் செலவைக் கூட்டும். புதிய பிராசஸர் குறைக்கும். எது ஜெயிக்கும் என்று வாங்குவதற்கு முன் சொல்ல முடியாததால், திரை பெரிதாகிறது என்றால் நான் பத்து சதவீதம் கூட்டிக்கொள்வேன். மேலே வந்த 4856 அப்போது 5340 ஆகும், 5500 எம்ஏஎச் போனைப் பார்க்கச் சொல்வேன். புது போன் வாங்கிய இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அளந்து பாருங்கள். முதல் சில நாட்கள் ஆப்களும் போட்டோக்களும் இறங்கிக்கொண்டே இருக்கும், அந்தக் கணக்கு செல்லாது.

"7000 எடுத்தா மட்டும் என்ன நஷ்டம்?"

எடை, சார்ஜ் ஏறும் நேரம், விலை. சிலிக்கான் கார்பன் பேட்டரிகள் வந்த பிறகு தடிமன் முன்போல ஏறுவதில்லை, அது நல்ல மாற்றம். பெரிய பேட்டரிக்கு ஒரு உண்மையான லாபமும் உண்டு: அதே செலவுக்கு சார்ஜ் சுழற்சி குறைவு. பேட்டரியின் முழு அளவும் ஒரு தடவை செலவானால் அது ஒரு சுழற்சி. ஒரு நாளைக்கு 2600 எம்ஏஎச் செலவு செய்கிறவருக்கு 5000-இல் அரை சுழற்சி, 7000-இல் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்கும் போன்கள் 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அரை சுழற்சி வீதம் 800 சுழற்சி என்றால் நான்கு வருடத்துக்கு மேல். அதற்குள் போனையே மாற்றிவிடுகிறவருக்கு அந்த லாபம் கைக்கு வராது. ஆறேழு வருடம் வைத்திருப்பவர் தாராளமாகப் பெரியதை எடுக்கலாம்.

"நம்ம ஊருல புயல் வந்தா நாள் கணக்கா கரண்ட் இருக்காது. அதுக்காகவாவது பெரிய பேட்டரி வேணாமா?"

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறியதும் நினைவிருக்கும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 5000-க்கும் 7000-க்கும் உள்ள 2000 எம்ஏஎச் வித்தியாசம், மேலே சொன்ன தங்கச்சியின் செலவில் ஒரு முழு நாள்கூட இல்லை. புயலுக்கு பவர் பேங்க்தான் வழி.

அதிலும் பெரிய எழுத்து எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 10000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில், அதாவது 37 வாட் மணி. வெளியே வரும்போது வோல்டேஜ் மாற்றத்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 5000 எம்ஏஎச் போனின் கொள்ளளவு சுமார் 19 வாட் மணி. இரண்டு தடவை முழுசாக ஏறும் என்று நினைக்காமல் ஒன்றரை தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கான அளவும் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

கரண்ட் போய் நேரமானால் டவர்களின் பேட்டரியும் தீரும். சிக்னல் இல்லாத போன் தேடித் தேடியே கரையும். ஏரோபிளேன் மோடில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் திறந்து பாருங்கள். இதையும் ஒரு சாதாரண இரவில் அளந்து வையுங்கள். ஏரோபிளேன் மோடில் இரவு முழுக்க எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், புயல் நாளில் கையிருப்பு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

"நான் கூட்டிப் பார்த்தது 65 வருது, உண்மையில 90 போயிருக்கு. எங்க தப்பு?"

பத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அளந்ததில் தப்பு இருக்கலாம், அல்லது திரை அணைந்திருக்கும்போது ஏதோ ஒன்று போனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. முதலில் அன்றைக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தீர்களா, நெடுநேரம் பேசினீர்களா என்று பாருங்கள், அதிகம் அதுதான். அதுவும் இல்லையென்றால் பேட்டரி பக்கத்தில் ஆப் பட்டியலைத் திறந்து, நீங்கள் தொடாமலே பின்னணியில் மணிக்கணக்கில் ஓடியது எது என்று தேடுங்கள். கணினி இருந்தால் காலையில் சார்ஜரிலிருந்து எடுத்ததும் முதல் கட்டளையும், இரவில் மறுபடி செருகும் முன் இரண்டாவதும் கொடுங்கள்:

```
adb shell dumpsys batterystats --reset
adb shell dumpsys batterystats --charged
```

கேபிள் செருகினாலே சார்ஜ் ஏறத் தொடங்கும் என்பதால் இரண்டையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். இரண்டாவது கட்டளை கொட்டும் நீளமான பட்டியலில் `Amount discharged while screen on`, `Amount discharged while screen off` என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரி பெரிதாக இருந்தால் குற்றவாளி பையில் கிடந்தபோது ஓடிய ஆப் அல்லது சிக்னல். முதல் வரி பெரிதாக இருந்தால் மணிக்கு இத்தனை என்று நீங்கள் எழுதியது உங்கள் வழக்கமான வெளிச்சத்தில் அளந்ததல்ல. வெளியில் ஒரு பகல் நேரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை மறுபடி அளந்து, புது எண்ணைப் போட்டுக் கூட்டுங்கள்.